பதினொன்று பத்தான மதியம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் ஜீப்பு சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். வேறு தகுதி ஒன்றும் எனக்குக் கிடையாது. வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில். ஆனால் எழுத்து மணி மணியாக இருக்கும். அந்த எழுத்தால் நான் எழுதிய பக்கங்களில் ஒன்றை மட்டும் இன்றைக்கும் என்னால் திறந்து பார்க்க முடியவில்லை.

போடியில் விடிவதற்கு முன்பே எங்கள் ஸ்டாண்டில் கூட்டம் கூடிவிடும். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களை மலை மெட்டுக்கு மேலே ஏற்றிப்போய், சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவது எங்கள் சோலி. யார் முன்னால், யார் பின்னால் என்று தினமும் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் சங்கம். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை உண்டு. முறை உள்ள ஜீப்புதான் ஸ்டாண்டில் ஆள் ஏற்றலாம். முறை இல்லாத ஜீப்பு எவ்வளவு நன்றாக ஓடினாலும் எங்கள் ஊரில் அது இரும்பு விலைக்குத்தான் போகும்.

சங்கத்தின் விதிப் புத்தகம் பதினாறு பக்கம். அதில் இந்தக் கதைக்கு வேண்டியவை சில விதிகள்தான். சொந்த ஜீப்பைத் தானே ஓட்டுகிறவர்தான் உறுப்பினராக இருக்க முடியும். உறுப்பினர் இறந்துபோனால், பொதுக்குழு பெரும்பான்மையாகச் சம்மதித்தால் மட்டுமே முறை வாரிசுக்குப் போகும். மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்தவர் கூட்டத்துக்கு வரலாம், பேசலாம், ஓட்டுப் போட முடியாது. பாக்கியைக் கட்டுவதென்றால் கூட்டத்துக்கு முந்தின நாளுக்குள் கட்டியிருக்க வேண்டும். ஓட்டுச் சமமாக வந்தால் தலைவர் ஒரு ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம். மற்ற நேரத்தில் தலைவர் ஓட்டுப் போடுவதில்லை.

விதிப்படி செயலாளர் கூட்டம் தொடங்கியதும் பாக்கிக்காரர் பட்டியலைப் படிக்க வேண்டும். நாங்கள் யாரும் படித்ததில்லை. இருபது பேர் நடுவில் ஒருத்தன் பெயரைச் சொல்லி இவன் காசு கட்டவில்லை என்று வாசிக்க யாருக்கு மனசு வரும்? செயலாளராக இருப்பவர் முந்தின நாளே அந்த ஆளைத் தனியாகப் பார்த்து, டீக்கடை ஓரமாக ஒதுக்கி, அண்ணே ஒரு வார்த்தை என்று காதில் போட்டுவிடுவார். அவர் கட்டிவிடுவார், அல்லது கூட்டத்துக்கு வராமலோ, வந்து கை தூக்காமலோ இருந்துவிடுவார். மானம் போகாமல் காரியம் நடக்கும். எங்களுடைய நாகரிகம் இது.

அந்த வருஷம் எங்களில் ஒருத்தன் போய்விட்டான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். மெட்டு ரோட்டில் அவன் ஓட்டினால் பெண்கள் தூங்கிக்கொண்டே போவார்கள், அத்தனை நிதானம். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தான். தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஜீப்பின் மேல் கடன் இருந்தது. மாசா மாசம் கட்ட வேண்டிய கடன்.

அவன் பெண்சாதி என்னை அண்ணே என்பாள். காரியம் முடிந்த பிறகு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து நிதானமாகப் பேசினாள். முறையை அவள் பேருக்கு மாற்றிக் கொடுத்தால் அவள் தம்பி வண்டி ஓட்டுவான், கடனை அடைத்துவிடலாம், மகள் படிப்பு நிற்காது என்றாள். இல்லையென்றால் வண்டியைக் கடன் கொடுத்தவன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். நான் மனு எழுதிக் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டாள்.

இதற்கு எதிர்ப்பு இருந்தது. எதிர்த்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. சில வருஷத்துக்கு முன் ஒரு வாரிசுக்கு முறையை மாற்றிக் கொடுத்தோம். அவர் அதை ஒரு பணக்காரரிடம் குத்தகைக்கு விட்டுவிட்டார். அந்தப் பணக்காரர் சம்பள டிரைவரை வைத்து ஓட்டினார், வண்டிக் கூலியைக் குறைத்து எங்கள் சவாரியெல்லாம் பிடித்துக்கொண்டார். அவரை வெளியேற்ற நாங்கள் பட்ட பாடு நாய்ப்பாடு. சொந்தமாக ஓட்டாதவருக்கு முறை கிடையாது என்று பாதிப் பேர் உறுதியாக நின்றதில் நியாயம் இருந்தது.

நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். வரப்போவது இருபத்திரண்டு பேர். தலைவரைக் கழித்தால் இருபத்தொன்று. அவள் பக்கம் பதினொன்று, எதிர்ப்பக்கம் பத்து. ஒரே ஒரு ஓட்டு.

அந்தப் பதினொன்றில் எங்கள் மாமா ஒருவர். உறவில் மாமா இல்லை, ஸ்டாண்டில் எல்லாருக்கும் மாமா. அறுபது தாண்டியவர், சிலமலை ஊர்க்காரர். வாரத்தில் ஐந்து நாள் மலையிலேயே தங்கித் தோட்டத்துக்குள் ஓட்டுவார், சனிக்கிழமை இறங்குவார். இறந்துபோனவனைத் தன் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். இரண்டு பேரும் ஒரே தூக்குவாளியில் சாப்பிடுவார்கள். மீன் குழம்பு என்றால் மாமா முள்ளைத் தான் எடுத்துக்கொண்டு சதையை அவன் பக்கம் தள்ளுவார். அப்புறம் அவனே எல்லாவற்றையும் தின்றுவிட்டான் என்று ஊரெல்லாம் திட்டுவார்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் சந்தா நோட்டைப் புரட்டினேன். மாமா பெயருக்கு எதிரே நாலு மாசம் காலி.

எனக்குப் புரியவில்லை. மலையில் இருப்பவர்கள் சந்தாவை இறங்கி வரும் ஜீப்பில் கொடுத்துவிடுவது வழக்கம். மாமா இந்த விஷயத்தில் ஒரு நாள் பிந்தமாட்டார். சரி, அவன் போன துக்கத்தில் மறந்திருப்பார் என்று நினைத்தேன். வழக்கப்படி நான் அவரைத் தனியாகப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சனிக்கிழமை பார்க்கவும் செய்தேன். டீ குடித்தோம். அவர் டம்ளரைப் பிடித்தபடி அவன் உட்காரும் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுசனிடம் போய்க் காசு பேச்சைப் பேசுவதா என்று வாய் வரவில்லை. அதோடு, சொன்னால் ரோஷத்தில் கூட்டத்துக்கே வராமல் இருந்துவிடுவாரோ, ஒரு ஓட்டுப் போய்விடுமே என்ற கணக்கும் மனசில் ஓடியது. பட்டியலை யார் கேட்கப்போகிறார்கள்? இத்தனை வருஷத்தில் எவன் கேட்டான்? நோட்டை மூடிவிட்டேன். பெரிய புத்திசாலி நான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சங்க அறையில் கூட்டம். தகரக் கூரை, அனலாகக் கொதித்தது. வருகைப் பதிவில் இருபத்திரண்டு கையெழுத்து விழுந்தது. கூட்டம் நடத்தப் போதுமான ஆள், கோரம், இருக்கிறது என்று எழுதிக்கொண்டேன். அவள் உறுப்பினர் இல்லை என்பதால் உள்ளே உட்காரவில்லை. வாசல்படிக்கு வெளியே தம்பியோடு நின்றாள்.

மனுவைப் படித்தேன். இரண்டு பக்கமும் பேசினார்கள். மாமா எழுந்து இரண்டே வாக்கியம் பேசினார். அவன் இந்த ஸ்டாண்டுக்கு உழைத்தவன், அவன் வீட்டை நாம் ரோட்டில் விடக்கூடாது என்றார். தலைவர் கை தூக்கச் சொன்னார். ஆதரவாகத் தூக்கிய கைகளை அவர் எண்ண, நானும் ஒரு கையைத் தூக்கிக்கொண்டே மறு கையால் எழுதினேன். பதினொன்று. எதிர்ப்பு பத்து. ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு பத்து என்று எழுதி அடிக்கோடு போட்டேன். வாசலில் அவள் சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். தம்பி அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அப்போது முன்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார். எதிர்த்து ஓட்டுப் போட்டவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில் சந்தா பாக்கி என்று ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். அந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள் அவர் காதில் போட்டவன் நான். அவர் சத்தம் போடவில்லை.

“செயலாளரே, பாக்கிப் பட்டியலைப் படிக்கலையே. அன்னைக்கு எனக்கு ஒரு சட்டம், இன்னைக்கு வேற சட்டமா? அந்த நோட்டைக் கொஞ்சம் கொண்டாங்க.”

தலைவர் கையை நீட்டினார். நோட்டைக் கொடுக்காமல் இருக்க வழி இல்லை. அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி ஓர் இடத்தில் நின்றார். மாமாவைப் பார்த்தார். மரியாதையாகத்தான் கேட்டார். நாலு மாசம் காலியாக இருக்கிறதே, யாரிடமாவது கொடுத்துவிட்டீர்களா, ரசீது இருக்கிறதா என்றார்.

மாமா கண் வாசலுக்குப் போனது. அவள் முந்தானையை எடுத்துவிட்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா தலையைக் குனிந்தார்.

“கட்டலங்கய்யா. நாந்தான் கட்டல.”

நான் சட்டைப் பையில் இருந்து பணத்தை எடுத்து மேசை மேல் வைத்தேன். நாலு மாசச் சந்தாவை நான் கட்டுகிறேன், இப்போதே ரசீது போடுங்கள் என்றேன். தலைவர் பணத்தை என் பக்கமே தள்ளினார். முந்தின நாளுக்குள் கட்டியிருக்க வேண்டும், ஓட்டு எண்ணின பிறகு பணம் வாங்கினால் சங்கம் சந்தி சிரிக்கும் என்றார். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அவர் தீர்ப்பைச் சொன்னார். மாமாவுக்கு இந்தக் கூட்டத்தில் ஓட்டுரிமை இல்லை. முதல் எண்ணிக்கை செல்லாது. ஓட்டுரிமை உள்ளவர்கள் மட்டும் மறுபடி கை தூக்க வேண்டும். தூக்கினார்கள். எதிர்ப்பக்கம் ஒருத்தராவது மனசு மாறுவார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாரும் மாறவில்லை. மாமா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆதரவு பத்து. எதிர்ப்பு பத்து.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அவன் வேண்டியவன்தான். பாடை தூக்கினவர்களில் அவரும் ஒருவர். ஆனால் சமமாக வந்தால் இருக்கிற நிலையை மாற்றாமல் விடுவதுதான் தலைவருக்கு அழகு, அப்படித்தான் இதற்கு முன்னால் இருந்தவர்களும் செய்தார்கள் என்று சொல்லி, எதிராகப் போட்டார். மனு தோற்றது.

என் வேலை பாக்கி இருந்தது. அடிக்கோடு போட்ட வரியை அப்படியே விட்டுவிட்டு அதற்குக் கீழே மட்டும் எழுதப்போனேன். முன்வரிசைக்காரர் விடவில்லை. முதல் எண்ணிக்கை ஏன் செல்லாமல் போனது என்பதும் நோட்டில் இருக்க வேண்டும், நாளைக்கு எவனாவது பார்த்துச் செயலாளர் திருத்திவிட்டார் என்று சொல்லக்கூடாது என்றார். அவர் எனக்கு நல்லதுதான் சொன்னார். எழுதினேன். வருகை இருபத்திரண்டு பேர். முதல் எண்ணிக்கையில் ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு பத்து. அதில் ஆதரவாக வாக்களித்த ஒருவர் நாலு மாதச் சந்தா பாக்கியால் வாக்குரிமை இழந்தவர் எனத் தெரிந்ததால் அந்த எண்ணிக்கை தலைவரால் நீக்கப்பட்டது. மறு எண்ணிக்கையில் ஆதரவு பத்து, எதிர்ப்பு பத்து. தலைவர் தமது வாக்கை எதிராக அளித்தார். தீர்மானம் நிறைவேறவில்லை. மாமாவின் உறுப்பினர் எண்ணைப் போட்டேன், பெயரை எழுதக் கை வரவில்லை. எண்ணே போதும் என்று தலைவரும் விட்டுவிட்டார். தலைநிமிர்ந்து பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை.

மறுநாள் காலையில் மாமா சந்தா கட்ட வந்தார். நாலு மாசமும் சேர்த்து, நோட்டாக எண்ணி வைத்தார். எனக்கு வந்ததே கோபம். வயசுக்கு மரியாதை கொடுக்காமல் கத்திவிட்டேன். இந்தக் காசை நேற்றைக்கு முந்தின நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தீர், தூக்குவாளியில் சேர்ந்து சாப்பிட்டதெல்லாம் சும்மாவா என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற இரண்டு டிரைவர்கள் நகர்ந்து போனார்கள்.

மாமா நான் ஓயும்வரை நின்றார். பிறகு என்னை என் ஜீப்புக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

அவர் சொன்னது இதுதான். மாசா மாசம் சந்தாவை அவனிடம்தான் கொடுத்துவிட்டிருக்கிறார். ஒரு மாசம் அவன் வந்து, மாமா, வண்டிக் கடனுக்குக் கொஞ்சம் இடிக்குது, உங்க சந்தாவை நான் வைத்துக்கொள்கிறேன், அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிவிடுகிறேன் என்றானாம். வெச்சுக்கடா என்று இவர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாசமும் இடித்திருக்கிறது. அவன் கேட்காமலே இவர் கொடுத்திருக்கிறார். பிறகு அவனே போய்விட்டான். துக்கத்தில் அதற்கப்புறம் வந்த மாசங்களும் இவருக்கு நினைவில் இல்லை.

“அத நான் சபையில சொல்ல முடியுமா மாப்ளே? அந்தப் புள்ள வாசல்ல நிக்கிது. எம் புருசன் ஊரான் சந்தாவ எடுத்துட்டான்னு அவ காதுல விழணுமா? செத்தவனுக்கு அந்தப் பேரு வேணாம்.”

ஜீப்பின் பின்கதவைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் அவர் சொன்னார், குற்றம் சொல்லுகிற குரலே இல்லாமல்.

“முந்துன நாளு டீ குடிச்சோமே, அப்ப நீ ஒரு வார்த்த காதுல போட்டுருந்தா, சத்தமில்லாமக் கட்டிட்டு வந்துருப்பேன்.”

நான் அழுதேன். ஐம்பது வயசு ஆம்பளை, நடு ஸ்டாண்டில், ஜீப்புக்குப் பின்னால் நின்று அழுதேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டே, இதை யாரிடமும் சொல்லக்கூடாது, முக்கியமாக அவளிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் செய்து கொடுத்தேன்.

தோற்ற தீர்மானத்தை ஒரு வருஷத்துக்குத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதும் எங்கள் விதியில் இருக்கிறது. கடன்காரன் ஒரு வருஷம் பொறுப்பானா? மூன்றாவது மாசம் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். மாமா அவள் வீட்டுக்கு ஒரு தொகை எடுத்துக்கொண்டு போனாராம். அவள் கதவைத் திறக்கவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தாள்.

அடுத்த பொதுக்குழுவில் வழக்கம்போல முந்தின கூட்டத்து நடவடிக்கையைப் படித்தேன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று தலைவர் கேட்டார். யாருக்கும் இல்லை. பதிவு சரியென்று ஏற்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். பாக்கி இல்லாத மாமாவும் கை தூக்கினார். எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. அன்றைக்கு ஆள் கூடுதல், இருபத்து மூன்று கை என்று எழுதினேன், ஏகமனதாக என்று சேர்த்தேன்.

காய் எடுப்பு மும்முரமாக இருந்த ஒரு திங்கட்கிழமை காலை. முறைப்படி மாமா வண்டி முன்னால், என் வண்டி அடுத்தது. தலையில் துண்டைக் கட்டி, கையில் சாப்பாட்டுப் பையோடு பெண்கள் வந்தார்கள். அவர்களில் அவளும் ஒருத்தி. இதற்கு முன்னால் அவள் மலைக்குக் கூலிக்குப் போனதில்லை. புருஷன் வண்டியில் ஆள் ஏற்றுகிற இடத்தில் இப்போது இவள் ஏற நின்றாள்.

மாமா வண்டியில் இடம் இருந்தது. பெண்கள் வா ஆத்தா என்று கூப்பிட்டார்கள். மாமா இறங்கி, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவரைத் தாண்டி நடந்து வந்து என் வண்டியில் ஏறினாள். மாமா கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடியே நின்றார். பிறகு சாத்தினார்.

அடிவாரத்து முந்தலைத் தாண்டி மேடு ஏறத் தொடங்கியதும், அவள் எனக்குப் பின்னால் இருந்து மெதுவாகச் சொன்னாள். “அவரு வண்டியில நான் ஏற மாட்டேண்ணே. எம் புருசன் கையால சோறு தின்ன மனுசன். அந்தச் சந்தாக் காசக் கட்ட அவருக்கு மனசு வரல பாத்தீங்களா?”

ரோட்டையே பார்த்து ஓட்டினேன். முன்னால் மாமாவின் ஜீப்பு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

“நீங்கதானண்ணே எழுதுனீங்க. ஏன் கட்டலன்னு அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

கியரை மாற்றினேன்.

“கேக்கல ஆத்தா” என்றேன்.